வோல்டேஜ் சரி, டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உறுமுகிறது?

ஓர் அனல் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை. ஜெனரேட்டர் வோல்டேஜ் 15.75 கிலோவோல்ட் என்று மீட்டர் காட்டுகிறது. அந்த மெஷினுக்கு இருக்க வேண்டிய அளவும் அதுவேதான். கிரிட்டோடு இணைப்பு இல்லை, லோடு இல்லை, ஆம்பியர் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. ஆனால் வெளியே, டர்பைன் கட்டடத்தை ஒட்டி நிற்கும் ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கம் போனால் அதன் ரீங்காரம் உறுமலாக மாறியிருக்கிறது. உள்ளே இரும்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. லோடே இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் எதற்குச் சூடாக வேண்டும்?

அடுத்த மீட்டரைப் பார்த்தால் தெரியும். டர்பைன் 3000 சுற்றில் ஓட வேண்டியது, 2400 சுற்றில் ஓடுகிறது. அதாவது 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 40 ஹெர்ட்ஸ்தான் இருக்கிறது. வோல்டேஜ் மட்டும் குறையவில்லை. ஆபத்து அதில்தான் இருக்கிறது. மின் நிலையங்களில் இதை ஓவர்ஃப்ளக்ஸிங் என்பார்கள். இதைப் பிடிப்பதற்கென்றே ஒரு ரிலே உண்டு. வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. ரிலேக்களுக்கு எண் கொடுக்கும் அமெரிக்க வழக்கப்படி அதன் எண் 24.

ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மரை நிலையத்தில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ‘ஜி.டி.’தான். ஜெனரேட்டர் தரும் 15.75 கிலோவோல்ட்டை 230 கிலோவோல்ட்டாக உயர்த்திக் கிரிட்டுக்கு அனுப்புவது அதன் வேலை. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் ஐந்து 210 மெகாவாட் யூனிட்டுகளைப் போன்ற மெஷின்களில் இப்படித்தான் அமைப்பு இருக்கும். இந்த வகை யூனிட்டில் ஜெனரேட்டருக்கும் ஜி.டி.க்கும் இடையே பொதுவாக பிரேக்கர் கிடையாது. பிரேக்கர் ஜி.டி.யின் மறுபக்கத்தில், 230 கிலோவோல்ட் பக்கத்தில் இருக்கும். அது திறந்துவிட்டால் ஜி.டி. கிரிட்டிலிருந்து விடுபட்டு, ஜெனரேட்டரோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் என்ன வோல்டேஜ் தந்தாலும், என்ன வேகத்தில் சுற்றினாலும் அதை ஜி.டி. ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

இனி அந்த இரும்பைப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம் மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்தது. ஒவ்வொரு தகடும் கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒன்றோடொன்று மின்சாரத் தொடர்பு வராதபடி மேலே மெல்லிய காப்புப் பூச்சு இருக்கும். இந்த உள்ளகத்துக்குள்தான் காந்தப் பாயம் ஓடுகிறது. எவ்வளவு பாயம் என்பதைப் பள்ளிப் பாடத்தில் வரும் ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது.

`V = 4.44 × f × N × Φ`

இதில் V வோல்டேஜ், f அதிர்வெண், N சுருளின் சுற்றுகள், Φ பாயத்தின் உச்ச அளவு. சுருளின் சுற்று எண்ணிக்கை மாறாது. ஆகவே பாயம் என்பது V-ஐ f-ஆல் வகுத்தால் வருவதுதான். ஏன் இப்படி என்று கேட்டால், பாயம் ஒரே கணத்தில் ஏறிவிடுவதில்லை. வோல்டேஜ் ஒரு திசையில் இருக்கும் நேரம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்கிறது. 50 ஹெர்ட்ஸில் வோல்டேஜ் ஒரு திசையில் இருப்பது 10 மில்லிவிநாடி. 40 ஹெர்ட்ஸில் 12.5 மில்லிவிநாடி. வோல்டேஜ் அதே அளவில் இருந்தாலும் சேரும் நேரம் கால் பங்கு கூடிவிட்டது. பாயமும் கால் பங்கு கூடிவிட்டது. வோல்ட்மீட்டருக்கு இது தெரியவே தெரியாது.

15,750 வோல்ட்டை 50-ஆல் வகுத்தால் 315. ஒரு ஹெர்ட்ஸுக்கு 315 வோல்ட். இந்த மெஷினுக்கு அதுதான் நூறு சதவீதம், பொறியாளர் பேச்சில் 1.0. இதே 15.75 கிலோவோல்ட் 2700 சுற்றில், அதாவது 45 ஹெர்ட்ஸில் இருந்தால் 350, இது 1.11. 2550 சுற்றில் 1.18-ஐத் தொட்டுவிடும். 2400 சுற்றில் 394, 1.25.

இந்த எண்கள் இரும்புக்கு என்ன அர்த்தம் தருகின்றன? பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களின் உள்ளகத்தை முழு வோல்டேஜில் 1.7 டெஸ்லா அளவில் வேலை செய்யும்படி வடிவமைப்பது வழக்கம். இந்த எஃகு 2 டெஸ்லாவைத் தாண்டியதும் தெவிட்டிப்போகிறது. அதற்கு மேல் பாயத்தைத் தாங்க அதனால் முடியாது. 1.11-இல் 1.89 டெஸ்லா, 1.18-இல் 2 டெஸ்லா, 1.25-இல் கணக்குப்படி 2.1 டெஸ்லாவுக்கு மேல். டிரான்ஸ்ஃபார்மர் செய்பவர்கள் ஒன்றும் தாராளமாக இடம் விட்டு வைக்கவில்லை. எஃகு விலை அதிகம், எடை அதிகம், ரயிலிலோ டிரெய்லரிலோ ஏற்றிக்கொண்டு வரவும் வேண்டும். அதனால் தெவிட்டும் எல்லைக்குப் பக்கத்திலேயே வைத்துத்தான் செய்கிறார்கள்.

தெவிட்டியபின் மிஞ்சிய பாயம் எங்கே போகும் என்பதுதான் விஷயம். வாய்க்காலில் தண்ணீர் கொள்ளாமல் போனால் கரையைத் தாண்டிப் பக்கத்து வயலில் பாயும் இல்லையா, அதுபோல உள்ளகத்துக்குள் அடங்காத பாயம் அதைவிட்டு வெளியே வருகிறது. வெளியே இருப்பவை என்ன? உள்ளகத்தை இறுக்கிப் பிடிக்கும் எஃகுச் சட்டங்கள், போல்ட்டுகள், தாங்கு பட்டைகள், எண்ணெய்த் தொட்டியின் சுவர். இவை எதுவும் மெல்லிய தகடுகள் அல்ல, கட்டியான எஃகு. மாறிக்கொண்டே இருக்கும் பாயம் கட்டி எஃகுக்குள் புகுந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். தகடு தகடாகப் பிரித்து எந்தச் சுழல் மின்னோட்டத்தைத் தடுத்தார்களோ, அது இங்கே தடையில்லாமல் சுற்றுகிறது. சட்டமும் போல்ட்டும் அந்தந்த இடத்தில் கொதிக்கத் தொடங்கும். அவற்றை ஒட்டியிருக்கும் காப்புக் காகிதம் கருகும், எண்ணெய் சிதையும், தகடுகளின் பூச்சு வெந்துபோனால் பக்கத்துத் தகடுகள் ஒட்டிக்கொண்டு அங்கேயே புதிதாக ஒரு சூட்டுப்புள்ளி உருவாகும்.

உள்ளகத்தின் இரும்பு இழப்பு கூடுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் குளிர்விக்கும் எண்ணெய் ஓரளவு சமாளித்திருக்கும். இங்கே சூடு வருவது எண்ணெய் ஓட்டத்தை எண்ணிப்பார்க்காத இடங்களில். எண்ணெய்யின் மேல்பகுதி வெப்பநிலையைக் காட்டும் மீட்டர் டன் கணக்கான எண்ணெய்யின் வெப்பத்தைச் சொல்வது. சில விநாடிகளில் ஒரு போல்ட் கொதிப்பதை அது சொல்லப் போவதில்லை.

சரி, 2400 சுற்றில் 15.75 கிலோவோல்ட் எப்படி வந்தது? மெஷின் வேகம் குறைந்தால் வோல்டேஜும் தானாகக் குறைய வேண்டாமா? குறையத்தான் வேண்டும். ஆனால் ஜெனரேட்டரில் ஏ.வி.ஆர். என்று ஒன்று இருக்கிறது; வோல்டேஜைத் தானாகச் சரிசெய்யும் கருவி. வோல்டேஜ் இறங்கினால் ரோட்டருக்குப் போகும் ஃபீல்ட் கரண்ட்டைக் கூட்டி அதை மறுபடி மேலே இழுப்பது அதன் கடமை. வேகம் குறைந்ததால் இறங்குகிறதா, வேறு காரணத்தால் இறங்குகிறதா என்று சாதாரண ஏ.வி.ஆர். பார்ப்பதில்லை. கடமையைச் செய்கிறது. அந்தக் கடமையுணர்ச்சிதான் இங்கே வினை.

அதற்குக் கையிருப்பும் தாராளமாக இருக்கிறது. முழு லோடில் ஓடும்போது ரோட்டருக்குத் தேவைப்படும் ஃபீல்ட் கரண்ட், லோடில்லாமல் அதே வோல்டேஜுக்குத் தேவைப்படுவதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதாவது லோடில்லாத மெஷினில், வேகம் குறைந்த நிலையிலும் வோல்டேஜைத் தூக்கி நிறுத்துவதற்குத் தேவையான ஃபீல்ட் கரண்ட், ரோட்டர் தினமும் தாங்கும் அளவுக்குள்தான் இருக்கும். ரோட்டரைக் காக்கும் கருவிகள் ஒன்றும் குறை சொல்லாது. வோல்டேஜ் ரிலே குறை சொல்லாது. கரண்ட் ஓடவில்லை என்பதால் ஓவர்கரண்ட் ரிலேயும் வாய் திறக்காது. இவ்வளவு காவலுக்கு நடுவிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேக முடியும்.

ஒரு நிறுத்தத்தைக் கணக்கோடு பார்த்தால் நன்றாக விளங்கும். டர்பைன் ட்ரிப் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீராவி நின்றதும் 230 கிலோவோல்ட் பிரேக்கர் திறந்தது. அதோடு ஃபீல்ட் பிரேக்கரும் திறந்திருக்க வேண்டும். ஏதோ காரணத்தால் திறக்கவில்லை. ரோட்டர் எடை மிக்கது, உடனே நிற்காது. நிதானமாக வேகம் இழக்கும். கணக்குக்காக நிமிடத்துக்கு 150 சுற்று குறைகிறது என்று கொள்வோம். ஏ.வி.ஆர். வேலையில் இருக்கிறது, வோல்டேஜை 15.75-லேயே பிடித்து வைத்திருக்கிறது.

ரிலேயில் மூன்று படிகள் வைத்திருக்கிறோம் என்போம். 1.07-இல் அலாரம். 1.10-ஐத் தாண்டி 45 விநாடி நீடித்தால் ட்ரிப். 1.18-ஐத் தாண்டினால் 2 விநாடியில் ட்ரிப். இந்த 1.10, 1.18 ஜோடி உலகெங்கும் பரவலாக வைக்கப்படும் அளவு. பிரேக்கர் திறந்து 78 விநாடி கழித்து வேகம் 2804 சுற்றுக்கு வரும்போது அலாரம் அடிக்கும். 109-ஆவது விநாடியில் 2727 சுற்று, 1.10 தாண்டியது, ரிலேயின் கடிகாரம் ஓடத் தொடங்கும். மேலும் 45 விநாடி கழித்து, 2615 சுற்றில், அளவு ஏறத்தாழ 1.15-இல் இருக்கும்போது ரிலே ஃபீல்டை வெட்டிவிடும். 1.18-க்குப் போகவே விடாது. அலாரம் அடித்ததிலிருந்து ஆப்பரேட்டருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல், சரியாகச் சொன்னால் 76 விநாடி, கிடைத்தது. ஃபீல்டைக் கையால் வெட்ட அது போதும், அலாரப் பலகையில் அந்த நேரத்தில் இன்னும் நாற்பது விளக்குகள் எரியாமல் இருந்தால். டர்பைன் ட்ரிப் ஆன நேரத்தில் அப்படி இருப்பதில்லை. எனவே ரிலேயை நம்பி இருப்பதே சரி.

ரிலே இல்லையென்றால் நான்காவது நிமிடத்தில் 2400 சுற்று, 1.25. இந்தியாவில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது போடும் நிபந்தனைகளில் 125 சதவீதத்தை ஒரு நிமிடம், 140 சதவீதத்தை ஐந்து விநாடி தாங்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். ஆகவே 1.25-ஐத் தொட்ட கணமே ஜி.டி. போய்விடாது. ஆனால் அது ஒரு புது டிரான்ஸ்ஃபார்மருக்கு, நல்ல நிலையில், எழுதிக்கொடுத்த உறுதி. இருபது வருடம் ஓடிய ஜி.டி.யை அந்த விளிம்புவரை கொண்டுபோய்ப் பார்ப்பதற்கு யாரும் விரும்பமாட்டார்கள். தவிர, ஜெனரேட்டருக்கும் இதே நோய் உண்டு. அதன் தாங்கும் கோடு ஜி.டி.யின் கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடும்.

இதே விபத்து தொடக்கத்திலும் நேரும். டர்பைன் இன்னும் முழு வேகம் எடுக்காத நிலையில், அவசரத்தில் யாராவது ஃபீல்டைப் போட்டுவிட்டால் ஏ.வி.ஆர். உடனே முழு வோல்டேஜுக்கு ஏற்றிவிடும். அதனால்தான் ஏறத்தாழ 95 சதவீத வேகத்தை எட்டிய பிறகே ஃபீல்ட் போடும்படி பூட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பூட்டை ‘டெஸ்டிங்குக்காக’ என்று தற்காலிகமாக விலக்கி வைப்பதும், பிறகு திரும்பப் போட மறப்பதும் மின் நிலையங்களில் நடக்காததல்ல.

மூன்றாவது வழி கொஞ்சம் விஷமமானது. ஏ.வி.ஆர்.க்கு வோல்டேஜ் எவ்வளவு என்று சொல்வது பி.டி. என்னும் அளவு டிரான்ஸ்ஃபார்மர், 15.75 கிலோவோல்ட்டை 110 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அதில் ஒரு ஃபியூஸ் போய்விட்டால் ஏ.வி.ஆர்.க்கு வோல்டேஜ் குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். ஃபீல்டைக் கூட்டும், உண்மையான வோல்டேஜ் ஏறும், அதன் கண்ணுக்கு இன்னும் போதாதுபோலவே தெரியும், இன்னும் கூட்டும். இங்கே வேகம் சரியாக இருக்கிறது, உயர்வது வோல்டேஜ். மெஷின் கிரிட்டில் இருந்தால் கிரிட் ஓரளவு பிடித்துவைக்கும். தனியாக இருந்தால் தடுக்க ஆளில்லை. 24 எண் ரிலேயும் அதே பி.டி.யிலிருந்து அளவு எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து ஏமாறும். கட்டுப்பாட்டு அறை மீட்டரும் அதே பி.டி.யில் இருந்தால் மூவரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். ஆகவே ஏ.வி.ஆர்.க்கு ஒரு பி.டி., ரிலேக்கு இன்னொரு பி.டி. என்று பிரித்து வைப்பது அடிப்படை விதி. இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்று குறைந்தால் ஏ.வி.ஆர்.-ஐ மேனுவலுக்கு மாற்றும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுக்கும் வேலையை இன்று நுண்செயலி செய்துவிடுகிறது. அது வருவதற்கு முன் செய்த விதம் எனக்கு எப்போதும் பிடித்தது. பி.டி.யிலிருந்து வரும் 110 வோல்ட்டை ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஒரு கெப்பாசிட்டருக்கு அனுப்புவார்கள். அதிர்வெண் குறைந்தால் கெப்பாசிட்டர் கரண்ட்டுக்குக் காட்டும் எதிர்ப்பு கூடும். அதன் முனைகளில் நிற்கும் வோல்டேஜும் கூடும். வோல்டேஜ் ஏறினாலும் அது ஏறும். ஆக, கெப்பாசிட்டரின் முனைகளில் கிடைப்பது தானாகவே வோல்டேஜ் வகுத்தல் ஹெர்ட்ஸ். இரும்புக்குள் பாயம் எப்படிச் சேர்கிறதோ அப்படியே கெப்பாசிட்டரில் மின்னூட்டம் சேர்கிறது. இரண்டே உதிரிப் பாகங்கள் சேர்ந்து ஒரு பெரிய உள்ளகத்துக்கு நகலாகிவிடுகின்றன.

நவீன ரிலேயில் இன்னொரு நல்ல குணம் உண்டு. அளவு 1.12-க்கு ஏறி, இருபது விநாடி இருந்து இறங்கி, மறுபடி ஏறினால் பழைய ரிலே ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இரும்பு அப்படி மறப்பதில்லை; சூடான போல்ட் ஆற நேரம் பிடிக்கும். அதனால் புது ரிலேக்கள் எண்ணிக்கையை உடனே அழிக்காமல் மெல்ல மெல்லக் கழிக்கும். இந்தக் கழிக்கும் நேரத்தைச் செட்டிங்கில் கொடுக்கலாம். அதைச் சிந்திக்காமல் பூஜ்யம் என்று விட்டுவைத்த செட்டிங்குகளும் உண்டு.

செட்டிங்கில் பலரும் இடறுவது நூறு சதவீதம் எதனுடையது என்ற கேள்வியில். ஜெனரேட்டரின் பெயர்ப்பலகை வோல்டேஜும் ஜி.டி.யின் தாழ் வோல்டேஜ் பக்கப் பெயர்ப்பலகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 24 கிலோவோல்ட் ஜெனரேட்டருக்கு 22.8 கிலோவோல்ட் ஜி.டி. என்பதுபோலச் சற்றுக் குறைத்து வாங்குவது உண்டு. முழு லோடில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் விழும் வோல்டேஜை ஈடுகட்டி, மறுபக்கத்தில் போதிய வோல்டேஜ் கிடைக்க வேண்டும் என்பதற்காக. இப்போது ரிலேக்கு ஜெனரேட்டரின் 24-ஐ அடிப்படையாகக் கொடுத்து 1.10 என்று வைத்தால் அது 26.4 கிலோவோல்ட்டில்தான் விழிக்கும். ஜி.டி.யின் கணக்கில் அது 1.16. ஜி.டி.யைக் காக்க வைத்த ரிலே ஜி.டி.யின் எல்லையைத் தாண்டிய பிறகே கண் திறக்கும். இரண்டில் எது குறைவோ அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அல்லது இரண்டுக்கும் தாங்கும் கோடுகளை ஒரே தாளில் வரைந்து, இரண்டுக்கும் கீழே ரிலேயின் கோடு போகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லை என்றதும், ஐ.இ.இ.இ. தரநிலை சொல்வது இது: ஜெனரேட்டருக்கு 105 சதவீதம், டிரான்ஸ்ஃபார்மருக்கு முழு லோடில் 105, லோடில்லாதபோது 110, தொடர்ந்து தாங்கலாம். இந்த 105-ஐத்தான் ஏ.வி.ஆர்.க்குள்ளேயே இருக்கும் ஒரு கட்டுப்படுத்தி பிடித்துக்கொள்கிறது. ரிலே வெட்டுவதற்கு முன்னால் வேலை செய்ய வேண்டியது அதுதான். மேலே சொன்ன நிறுத்தத்தில் அது 1.05-இல் வைக்கப்பட்டு நன்றாக இருந்தால், வேகம் 2857-க்குக் கீழே போனதும் வோல்டேஜைத் தானே வேகத்தோடு சேர்த்து இறக்கத் தொடங்கும். 2400 சுற்றில் 13.23 கிலோவோல்ட்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அமைதியாக இருக்கும், அலாரமே அடிக்காது. வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் கட்டுப்படுத்தி, பிறகு அலாரம், பிறகு ட்ரிப், எல்லாவற்றுக்கும் மேலே இரும்பின் எல்லை. கட்டுப்படுத்தியை 1.10-இலும் ரிலேயை 1.08-இலும் வைத்தால், சரிசெய்துகொள்ளக்கூடிய ஒரு சின்ன ஏற்றத்துக்குக்கூட யூனிட் ட்ரிப் ஆகும். இரண்டு செட்டிங்கும் இரண்டு வெவ்வேறு பிரிவினரின் கோப்பில் இருப்பதால் இது நினைப்பதைவிட எளிதாக நடந்துவிடுகிறது.

ட்ரிப் என்றால் எதையெல்லாம் வெட்டுவது? மெஷின் கிரிட்டில் இருந்தால் பிரேக்கர், ஃபீல்ட், டர்பைன் மூன்றையும். கிரிட்டுக்கு வெளியே இருந்தால் ஃபீல்டை மட்டும் வெட்டினாலே போதும். டர்பைன் ஓடிக்கொண்டிருக்கலாம், காரணத்தைக் கண்டுபிடித்தபின் சீக்கிரம் திரும்பலாம். சில நிலையங்களின் வயரிங்கில் இதற்கு நேர்மாறான ஒரு பிழை ஒளிந்திருக்கும்: பிரேக்கர் மூடியிருந்தால் மட்டுமே 24 வேலை செய்யும்படி பூட்டியிருப்பார்கள். ஜி.டி.க்கு மிகவும் ஆபத்தான நேரம் பிரேக்கர் திறந்திருக்கும் நேரம். அப்போது ரிலே உறங்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது சோதனையில்தான். ரிலே சோதனைப் பெட்டியால் 110 வோல்ட் கொடுத்து, அதை 50 ஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொண்டு 121 வோல்ட்வரை ஏற்றி, ‘1.10-இல் எடுக்கிறது, சரி’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது வோல்டேஜ் ரிலேக்கும் பொருந்தும் சோதனை. வோல்டேஜை 110-இலேயே நிறுத்திவிட்டு அதிர்வெண்ணை இறக்கிப் பார்க்க வேண்டும், 45.45 ஹெர்ட்ஸில் எடுக்க வேண்டும். பிரேக்கர் திறந்திருப்பதுபோலக் காட்டியும் ஒருமுறை செய்ய வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகத்தான் கருதுவேன்.

இதன் நடுவே டிஃபரென்ஷியல் ரிலே என்னும் இன்னொரு காவலாளி குழம்புவதும் உண்டு. அது ஜி.டி.க்குள் போகும் கரண்ட்டையும் வெளியே வரும் கரண்ட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் உள்ளே பழுது என்று வெட்டும். உள்ளகம் தெவிட்டும்போது அதைக் காந்தமாக்க ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கரண்ட் கூடுதலாகப் பாயும். டிஃபரென்ஷியலுக்கு அது பழுதுபோலத் தோன்றும். நல்லவேளையாக அந்தக் கரண்ட்டில் ஒரு அடையாளம் உண்டு: ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது 250 ஹெர்ட்ஸ் அலை நிறையக் கலந்திருக்கும். அதைப் பார்த்ததும் டிஃபரென்ஷியல் தன் கையைக் கட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். இது நல்ல ஏற்பாடுதான், 24 விழித்திருக்கும்வரை. 24 இல்லாமல் ஐந்தாம் ஹார்மோனிக் தடையை மட்டும் போட்டு வைத்தால், பிழையாகவாவது காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ரிலேயையும் கட்டிப்போட்டதாகிவிடும்.

ட்ரிப் ஆன பிறகு ஜி.டி. நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எண்ணெய்யில் மாதிரி எடுத்து அதில் கரைந்திருக்கும் வாயுக்களைப் பார்க்க வேண்டும். சூட்டில் சிதைந்த எண்ணெய் எத்திலீன், மீத்தேன் ஆகியவற்றை விடும். தீப்பொறியில் சிதைந்தால் அசெட்டிலீன் வரும். எத்திலீன் முந்தைய அறிக்கையைவிடத் துள்ளி ஏறியிருந்து, அசெட்டிலீன் இல்லையென்றால், சுருளில் பொறி அடிக்கவில்லை, எங்கோ உலோகம் கொதித்திருக்கிறது என்று ஊகிக்கலாம். கார்பன் மோனாக்சைடும் கூடியிருந்தால் காகிதமும் வெந்திருக்கிறது. உள்ளகத்துக்கும் அதன் சட்டத்துக்கும் இடையே காப்பு இருக்கிறதா என்று மெக்கர் போட்டுப் பார்ப்பது அடுத்த வேலை. போல்ட்டின் காப்பு கருகியிருந்தால் அங்கே தெரியும். ரிலே பதிவு செய்துவைத்த அளவும் நேரமும் இருந்தால், அதைத் தயாரிப்பாளரின் தாங்கும் கோட்டில் புள்ளியாக வைத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் முதல் வேலை.

மின் நிலையத்துக்குள் யாரும் தவறு செய்யாமலும் இந்த நிலை வரலாம். கிரிட்டின் ஒரு பகுதி பிரிந்து தனித் தீவாகி, அங்கே உற்பத்தி போதாமல் அதிர்வெண் விழும்போது, தானியங்கி ரிலேக்கள் ஊர் ஊராக லோடை வெட்டித் தள்ளும். லோடு போனதும் நீண்ட மின்பாதைகளும் கெப்பாசிட்டர்களும் வோல்டேஜை உயர்த்திவிடும். அதிர்வெண்ணோ இன்னும் மீண்டிருக்காது. மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. அந்த நேரத்தில் மின் நிலையங்களின் 24 ரிலேக்கள் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினால் காப்பாற்ற நினைத்த தீவு இருளில் மூழ்கும். அதனால்தான் வட அமெரிக்காவில் லோடு வெட்டும் திட்டங்களுக்கான நம்பகத்தன்மை விதி, மாதிரிக் கணக்கில் ஜெனரேட்டர் முனையிலும் ஜி.டி.யின் உயர் வோல்டேஜ் பக்கத்திலும் 1.18-ஐ மொத்தம் 2 விநாடிக்கு மேலும், 1.10-ஐ மொத்தம் 45 விநாடிக்கு மேலும் தாண்டக்கூடாது என்று கேட்கிறது. நாம் மேலே ரிலேயில் வைத்த அதே எண்கள். லோடை வெட்டுகிறவர் ரிலேயின் கணக்கைத் தெரிந்துகொண்டு வெட்ட வேண்டியிருக்கிறது.

இந்த ரிலேயால் பிடிக்க முடியாத தெவிட்டலும் ஒன்று இருக்கிறது. 1989 மார்ச் 13-ஆம் தேதி சூரியனிலிருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியபோது கியூபெக் மாநிலமே இருண்டது. அதே புயலில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் சேலம் அணு மின் நிலையத்தின் ஜி.டி. பழுதானது. (நம்ம சேலம் அல்ல.) நிலத்தில் தூண்டப்பட்ட மின்னோட்டம், கிட்டத்தட்ட நேர்மின்னோட்டமாக, நியூட்ரல் வழியாகச் சுருளுக்குள் நுழைந்து உள்ளகத்தை ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் பாதியில் மட்டும் இரும்பு தெவிட்டியது. இங்கே வோல்டேஜ் சரி, அதிர்வெண்ணும் சரி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை ஏறத்தாழ 1.0 என்றே வரும். 24 எண் ரிலேயின் கேள்வி அந்த வகுத்தலோடு முடிந்துவிடுகிறது. இந்தத் தெவிட்டலைப் பார்க்க நியூட்ரலில் பாயும் நேர்மின்னோட்டத்தை அளக்கும் வேறொரு கருவி வேண்டும். வட துருவத்துக்கு அருகிலுள்ள நாடுகளின் மின் நிறுவனங்கள் அதைத் தங்கள் டிரான்ஸ்ஃபார்மர்களில் மாட்டுகின்றன.